கமராவுக்குப் பழகாத பாதரையும் போதகரையும் இயல்பாகப் பேச வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துப் பங்குகளிலும் சபைகளிலும் வீடியோ எடுக்கிற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் 'பாதர்' என்று வருவது போதகருக்கும் பாஸ்டருக்கும் அப்படியே பொருந்தும். பேசுவதைப் பற்றி மட்டும்தான் இந்தப் பக்கம். எடிட்டிங் இங்கே இல்லை.

கோயில்ல அரை மணித்தியாலம் பேப்பரே இல்லாமல் பிரசங்கம் வைக்கிறவர். கமராவைப் போட்டவுடன ஏன் விறைச்சுப் போறார்?

கோயிலில் அவர் தனியாகப் பேசுவதில்லை. முன்வாங்கில் இருக்கிற அம்மம்மா தலையாட்டுகிறார், பின்னால் ஒருவர் இருமுகிறார், ஒரு குழந்தை அழத் தொடங்குகிறது. அதையெல்லாம் பார்த்துத்தான் எங்கே நிறுத்துவது, எதை இன்னொரு தரம் சொல்வது என்று அவர் முடிவெடுக்கிறார். கமரா எதையும் திருப்பித் தருவதில்லை. சொன்னது எடுபட்டதா என்று தெரியாதபோது குரல் உயரும், வேகம் கூடும், கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை, கேட்க ஒரு ஆளை வைப்பது. கமராவுக்குப் பின்னால், லென்ஸுக்கு நேர் மேலே முகம் தெரிகிற மாதிரி ஒருவர் இருக்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கமராக்காரத் தம்பி இதற்குச் சரிவரமாட்டார். உண்மையாகவே கேட்டுத் தலையாட்டுகிற ஒரு அன்ரியோ, பாதருக்குப் பழக்கமான மூத்தவரோ வேண்டும். 'கமராவைப் பார்த்துப் பேசுங்கோ பாதர்' என்று சொல்லாதீர்கள், 'அன்ரிக்குச் சொல்லுங்கோ' என்று சொல்லுங்கள். எடுக்கத் தொடங்குமுன் இரண்டு நிமிடம் இருவரும் சும்மா கதைக்கட்டும். அந்தக் கதையின் நடுவிலேயே ரெக்கோர்டிங்கைப் போட்டுவிடலாம்.

போனில் எடுப்பதென்றால் பின்பக்கக் கமராவால் எடுங்கள். முன்பக்கக் கமராவில் அவர் பார்ப்பது லென்ஸை அல்ல, திரையில் தெரியும் தன் முகத்தைத்தான்.

குறிப்பு வைச்சுப் பேசுறதோ, புரொம்ப்டர் வைச்சு வாசிக்கிறதோ? ஆருக்கு எது சரி?

ஆளை வைத்து முடிவெடுக்காதீர்கள், சொல்லப்போகிற விஷயத்தை வைத்து முடிவெடுங்கள். ஒரு சொல் மாறினாலும் பிரச்சினை வரும் என்றால், லென்ஸை ஒட்டித் திரையில் ஓடுகிற எழுத்தை வாசிக்க வைக்கிற புரொம்ப்டர்: ஆயரின் சுற்றுமடல், ஒரு சம்பவம் பற்றிய அறிக்கை, பெயர்கள் நிறைய வருகிற நன்றியுரை. அவருக்குத் தெரிந்த விஷயமென்றால் குறிப்பு: தவக்காலச் சிந்தனை, திருவிழா அழைப்பு, திருமணத்துக்கு ஆயத்தம் செய்வோருக்கான நாலு வார்த்தை.

என்னைக் கேட்டால் குறிப்பிலிருந்துதான் எல்லோரும் தொடங்க வேண்டும். வருடக்கணக்காகப் பிரசங்கித்த ஒருவருக்குப் புரொம்ப்டரைக் கொடுப்பது, அவரிடம் ஏற்கனவே இருக்கிற திறமையை வாங்கி வைத்துவிட்டு, வாசிப்பு என்ற புதுத் திறமையைக் கேட்பதாகும். குறிப்போடு பேசினாலும் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் மனப்பாடமாக்கச் சொல்லுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும்தான் பதற்றம் கூட.

குறிப்பு எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வாறார். எப்பிடிச் சுருக்குறது?

நீங்கள் சுருக்க வேண்டாம், அவர் வாயாலேயே சுருங்கட்டும். ஒரு தவக்காலச் செய்தியை எடுத்துக்கொள்வோம். 3 நிமிடம், பங்கின் முகப்புத்தகப் பக்கத்துக்கு; பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கட சனமும் பார்க்கும். பாதர் நாலு பக்கத்தோடு வருகிறார். 'பாதர், பேப்பரை மூடிப்போட்டு இதில என்ன சொல்லப்போறீங்கள் எண்டு எனக்குச் சொல்லுங்கோ' என்று கேளுங்கள். சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். நாலு பக்கம் அநேகமாக இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும், பேப்பரில் இருந்ததைவிட நன்றாகவும் இருக்கும். பிறகு இரண்டு பேரும் இருந்து அதைக் கேளுங்கள். அவர் குரல் உயிரோடு எழும்புகிற இடத்தில் என்ன சொல் இருந்ததோ அதைத் தாளில் எழுதுங்கள். இந்தச் செய்திக்கு அது இப்படி வரலாம்:

சாம்பல் – நெற்றியில்
பக்கத்து வீட்டு அடுப்பு
விதவை, 2 காசு (மாற்கு 12)
ஒரு நேரச் சாப்பாடு
சிலுவைப்பாதை, வெள்ளி, பி.ப. 5.30

கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்தான் எல்லா வரியிலும் இருக்கிறது. 'இரக்கம்', 'பகிர்வு' என்று எழுதினால் அந்த இடத்துக்கு வந்ததும் பொதுவான வசனங்கள்தான் வாயில் வரும். 'அடுப்பு' என்று எழுதினால் அவருக்குத் தெரிந்த ஒரு வீடு ஞாபகம் வரும், குரல் தானாக மாறும். கடைசி வரி மட்டும் வேறு வகை. நேரமும் கிழமையும் பதற்றத்தில் மாறிப்போகும் என்பதால் முழுதாக எழுத வேண்டும்.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில், தடித்த மார்க்கரால், நின்ற இடத்திலிருந்தே வாசிக்கக்கூடிய அளவில் எழுதி, லென்ஸுக்கு நேர் கீழே ஸ்ராண்டில் ஒட்டிவிடுங்கள். ஐந்து வரிக்கு மேல் போனால் அவர் தேடத் தொடங்குவார். விவிலிய வசனத்தைத் தாளில் எழுதவே வேண்டாம். புத்தகத்தைக் கையில் எடுத்து, குனிந்து, வாசிக்கட்டும். பாதர் விவிலியம் வாசிப்பதைப் பார்த்து ஒருவரும் 'பாத்து வாசிக்கிறார்' என்று சொல்லப்போவதில்லை.

குறிப்பைக் குனிஞ்சு பாக்கேக்க அசிங்கமாத் தெரியாதோ?

குனிவது அசிங்கமில்லை. குனிந்தபடியே பேசுவதுதான் அசிங்கம். பழக்க வேண்டிய ஒழுங்கு இதுதான்: வசனத்தை முடிக்க வேண்டும், வாயை மூட வேண்டும், தாளைப் பார்க்க வேண்டும், நிமிர வேண்டும், பிறகுதான் அடுத்த சொல். அந்த ஒன்றிரண்டு விநாடி அமைதி அவருக்கு மிக நீளமாகத் தெரியும். பார்ப்பவருக்கு அவர் யோசிக்கிறார் என்றுதான் தெரியும்.

முதலில் எல்லோரும் செய்கிற பிழை, வசனத்தின் கடைசிச் சொல்லைத் தாளுக்குச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தின் முதல் சொல்லையும் தாளிலிருந்தே தொடங்குவது. அவர் எடுத்ததை அவருக்கே ஒரு தரம் போட்டுக் காட்டினால் போதும்.

புரொம்ப்டர் வாங்கத்தான் வேணுமோ? போனை கமராக்குப் பக்கத்தில வைச்சால் காணாதோ?

பக்கத்தில் வைக்காதீர்கள், கீழே வையுங்கள். கண் பக்கவாட்டில் விலகுவதைப் பார்ப்பவர் சட்டென்று பிடித்துவிடுவார். சற்றுக் கீழே இறங்குவது அவ்வளவாகத் தெரியாது. அதோடு தூரத்தைக் கூட்டுங்கள். எழுத்து லென்ஸுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது என்று வையுங்கள். அவர் ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால் கண் ஏறக்குறைய 6 பாகை இறங்கும், 2.5 மீற்றர் தூரத்தில் 2 பாகைக்குச் சற்றுத்தான் கூட. ஆகவே கமராவையும் ரப்லெற்றையும் சேர்த்துப் பின்னுக்குக் கொண்டுபோய், சூம் செய்து எடுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: தூரத்திலிருந்து கமரா மைக் சரியாகக் கேட்காது, கொலர் மைக் கட்டாயம். அந்தத் தூரத்துக்குப் போன் திரையின் எழுத்தும் சிறிது, ரப்லெற்தான் வேண்டும்.

உண்மையான புரொம்ப்டரில் லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி 45 பாகை சரிவாக நிற்கும். கீழே படுக்க வைத்த திரையின் எழுத்து அதில் தெறித்து, லென்ஸுக்கு நேர் முன்னால் தெரியும். அதனால் செயலியில் எழுத்தைக் கண்ணாடி பார்த்த மாதிரி புரட்டிப் போட வேண்டும், அந்தத் தெரிவு பெரும்பாலான புரொம்ப்டர் செயலிகளில் இருக்கும். லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணியால் மூடியிருக்க வேண்டும். அந்தக் கண்ணாடி வழியாக வழக்கமாக 70 வீத வெளிச்சம்தான் லென்ஸுக்குப் போகும், ஆகவே அறையில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தேவை. படச்சட்டக் கண்ணாடியை வைத்தும் செய்யலாம், ஆனால் எழுத்து மங்கலாகவும் இரட்டையாகவும் தெரியும். ஒரு நாள் வேலைக்குச் சரி.

எல்லாம் சரியா வைச்சும் அவர் வாசிக்கிறார் எண்டு அப்பிடியே தெரியுது. எங்க பிழை?

எடுத்ததை இரண்டு விதமாகப் பாருங்கள். முதலில் சத்தத்தை நிறுத்திப் படத்தை மட்டும் பாருங்கள். கண் இடம் வலமாக ஓடினால் வரி நீளம் கூடிவிட்டது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு வரியில் மூன்று சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள்; ஓரங்களை உள்ளே தள்ளி, வரியைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணை வெட்டாமல் உறுத்துப் பார்க்கிறார் என்றால் எழுத்து சிறிது அல்லது வேகம் கூட.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். அப்போதும் வாசிப்பு மாதிரியே கேட்டால் கமராவிலும் கண்ணாடியிலும் பிழை தேடாதீர்கள். எழுதி வைத்த தமிழில்தான் பிழை. என் அனுபவத்தில் பெரும்பாலும் இதுதான்.

அப்ப எழுத்தை எப்பிடி மாத்துறது? பாதர் நல்ல தமிழ்லதானே எழுதித் தந்தவர்.

நல்ல தமிழ்தான், கண்ணால் வாசிப்பதற்கு. மேலே சொன்ன தவக்காலச் செய்தியின் முதல் வசனம் இப்படி இருந்தது என்று வையுங்கள்:

'இறைவனின் அளவற்ற இரக்கத்தை உணர்ந்து, மனமாற்றத்தின் வழியாக அவரை நாடிச் செல்ல எம்மை அழைக்கும் இத்தவக்காலத்திலே, நாம் அனைவரும் பகிர்தலின் பண்பை வளர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.'

வினை கடைசியில் வருகிறது. அதுவரை ஒரே மூச்சில் கேட்பவரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். யார் வாசித்தாலும் அறிக்கை மாதிரித்தான் வரும். இதையே அவர் பேப்பரை மூடிவிட்டுச் சொன்னபோது என்ன சொன்னார் என்று அந்தப் பதிவைக் கேட்டு, அதைத்தான் புரொம்ப்டரில் ஏற்ற வேண்டும்:

இது தவக்காலம்.

கடவுள் எங்களைத்
திரும்பி வரச் சொல்லுறார்.

எப்பிடித் திரும்புறது?

பக்கத்து வீட்டில
அடுப்பு எரியுதோ எண்டு
முதல் பாருங்கோ.

ஒரு வசனத்துக்கு ஒரு விஷயம். மூச்சு விடுகிற இடத்தில் வரி முடிகிறது, நிறுத்துகிற இடத்தில் வெறும் வரி. 'சொல்கிறார்' என்று எழுதினால் 'சொல்கிறார்' என்றுதான் வாசிப்பார், பக்கத்தில் 'பேச்சுத் தமிழில்' என்று குறிப்புப் போட்டாலும் மாறாது. ஆகவே வாயில் வருகிற மாதிரியே எழுதுங்கள். பேச்சுத் தமிழை எழுத்தில் பார்த்துப் பழகாதவர் முதல் தரம் தடக்குப்படுவார். ஒரு தரம் சத்தமாக வாசித்துவிட்டால் சரியாகிவிடும்.

பேச்சுத் தமிழ்ல கதைச்சால் குருவானவருக்கு மரியாதை குறையாதோ? எங்கட போதகர் ஓம்படமாட்டார்.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கதையையும் பிரசங்கத் தமிழையும் ஒன்றாக்கச் சொல்லவில்லை. அவர் பிரசங்க மேடையில் ஏற்கனவே பேசுகிற தமிழ் ஒன்று இருக்கிறது. அது எழுத்துத் தமிழுமில்லை, திண்ணைக் கதையுமில்லை. கோயிலில் அவர் 'பாருங்கோ' என்று சொல்பவரென்றால் கமராவிலும் 'பாருங்கோ', 'பாருங்கள்' என்பவரென்றால் 'பாருங்கள்'. அவருடைய ஒரு ஞாயிறு பிரசங்கத்தைப் பதிவு செய்து, அதில் வினைச்சொற்களை எப்படி முடிக்கிறார் என்று கேட்டு, அதே அளவில் எழுதுங்கள்.

செபம், விவிலிய வசனம், ஆசீர்வாதம் மூன்றும் எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும். அந்த இடங்களில் தமிழ் மாறுவதை யாழ்ப்பாணத்துக் காது எதிர்பார்க்கிறது. போதகர் அப்படியும் ஓம்படவில்லை என்றால் தமிழை விட்டுவிடுங்கள், வசனத்தின் நீளத்தை மட்டும் வெட்டுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

எழுத்து ஓடுற வேகத்தை எவ்வளவில வைக்கிறது?

எந்த அளவிலும் பூட்டி வைக்காதீர்கள். எழுத்து அவருக்குப் பின்னால் போக வேண்டும், அவர் எழுத்துக்குப் பின்னால் ஓடக்கூடாது. முழு எழுத்தையும் முதலே வாசித்த ஒருவர் ரிமோட்டாலோ திரையில் விரலாலோ எழுத்தை நகர்த்தட்டும். பேசுகிற வரி எப்போதும் லென்ஸுக்கு நேராக நிற்க வேண்டும்.

பாதருக்கு இதில் நம்பிக்கை வர ஒரு பரிசோதனை உண்டு. ஒத்திகையில், 'வேணுமெண்டே இடையில நிப்பாட்டுங்கோ பாதர், எழுத்தும் நிக்கும்' என்று சொல்லுங்கள். இரண்டு தரம் அப்படி நின்று பார்த்தாரென்றால் பிறகு துரத்தமாட்டார். எழுத்தை விட்டு விலகி ஏதாவது சொந்தமாகச் சொன்னால் அடுத்த பந்தியின் தொடக்கத்தில் நிறுத்திக் காத்திருங்கள். மேலும் கீழும் ஓட்டித் தேடினால் அந்த ஓட்டம் அவர் கண்ணில் தெரிந்துவிடும்.

நீளத்தைக் கணக்கிட, ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லி சொற்களை எண்ணுங்கள். 90 சொல் வந்தால் 3 நிமிடத்துக்கு 270 சொல். அதற்கு மேல் எழுதினால் பேச்சில் நிறுத்தங்கள்தான் முதலில் காணாமல் போகும்.

பாதர் தந்த பைலை செயலியில போட்டால் எல்லாம் இங்கிலீஸ் எழுத்தாக் குழம்பி நிக்குது!

'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் mk;kh என்று நின்றால் அது பாமினியில் தட்டச்சு செய்த பைல். எங்கள் பக்கத்து அலுவலகங்களில் இன்னும் பாமினிதான் ஓடுகிறது. யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு தரம் முழுவதும் வாசியுங்கள். எண்களும் அடைப்புக்குறிகளும் விவிலிய அதிகார இலக்கங்களும் மாறிப்போவது இந்த இடத்தில்தான்.

கண்ணாடி போடுறவர், தலையை நிமித்தி நிமித்தி வாசிக்கிறார்.

அது இரட்டைக் கண்ணாடி. கிட்டப் பார்க்கிற கீழ்ப்பகுதியால் வாசிக்கப் பார்க்கிறார். எழுத்தைப் பெரிதாக்கி, புரொம்ப்டரைத் தூரத்தில் வைத்தால் மேல்பகுதியால் வாசிப்பார். தூரத்துக் கண்ணாடி வேறாக இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். கண்ணாடியில் வெளிச்சம் தெறித்தால் லைட்டை உயர்த்துங்கள், அல்லது கண்ணாடிக் காலைக் காதில் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

மற்றப் பக்கம்: எங்கட பாதர் கமரா முன்னால கூத்து மேடையில நிக்கிற மாதிரிப் பேசுறார்.

பாடுகளின் நாடகமும் நாட்டுக்கூத்தும் பார்த்து வளர்ந்த ஊர், அதில் ஆச்சரியமில்லை. திறந்த வெளியில் கடைசி வரிசைக்குப் போக வேண்டிய குரல் அது. 'மெதுவாப் பேசுங்கோ' என்றால் குரலோடு உயிரும் போய்விடும். கேட்கிற ஆளை இன்னும் கிட்டக் கொண்டுவாருங்கள், கொலர் மைக் இருக்கிறது என்று காட்டி, பதிவான குரலை ஹெட்போனில் கேட்க விடுங்கள். தூரம் குறைந்தால் குரல் தானாக இறங்கும்.

இது குருக்கள் ஐயாவுக்கும் சரிவருமோ? நவராத்திரிக்குப் பேச வாறார்.

வரும். அவருக்குச் சுலோகம் மனப்பாடம், ஆகவே குறிப்பில் சுலோகத்தின் முதற்சொல் மட்டும் போதும். சுலோகம் சொல்லும்போது கண்ணை மூடினால் மூடட்டும், லென்ஸைப் பார்க்கச் சொல்லாதீர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கும்போது எதிரில் இருப்பவரைப் பார்த்தால் போதும்.

எனக்கு இருபது வயசு. பாதருக்கு எப்பிடிப் பிழை சொல்றது?

நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். ஹோலில் எடுப்பதைவிட அறைவீட்டில், அவர் பழகிய கதிரையில், இரண்டு மூன்று பேரோடு எடுப்பது இதற்காகவும்தான் நல்லது. பிழையைச் சொல்லாமல் அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். 'பாதர், வேகமாப் போறீங்கள்' என்பதைவிட 'அடுப்புக் கதை முடிஞ்சவுடன அன்ரியை ஒருக்காப் பாத்திட்டுத் தொடங்குங்கோ' என்பது வேலை செய்யும். ஒரு தரத்துக்கு ஒரு விஷயம் மட்டும்.

தடக்குப்பட்டால் முதலிலிருந்து தொடங்க விடாதீர்கள், அந்தக் குறிப்பு வரியின் தொடக்கத்திலிருந்து சொன்னால் போதும், வெட்டி ஒட்டலாம். மூன்று நாலு தரத்துக்குப் பிறகு முகம் களைத்துவிடும், சொல்லும் மனப்பாடமாகிவிடும். அப்போதும் வரவில்லை என்றால் குறிப்பையும் புரொம்ப்டரையும் எடுத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். 'இந்தத் தவக்காலத்தில சனம் என்ன செய்ய வேணும் பாதர்?' கேட்பவர் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பாதர் அவரையே பார்த்துப் பதில் சொல்லட்டும். இது பேட்டி, அதனால் கண் பக்கவாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இடையில் லென்ஸைப் பார்க்கக்கூடாது, இரண்டையும் கலந்தால் கண் அலைகிற மாதிரித் தெரியும். உங்கள் கேள்வியைப் பிறகு வெட்டுவீர்கள் என்பதால், பதிலை முழு வசனமாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஞாயிறு பூசை நேரடியாப் போகுது. பிரசங்கத்துக்கும் புரொம்ப்டர் வைக்கலாமோ?

வைக்க வேண்டாம். அங்கே அவருக்கு முன்னால் சனம் இருக்கிறது, அவர் அவர்களுக்குத்தான் பேச வேண்டும். வீட்டிலிருந்து பார்ப்பவருக்கும் வாங்கில் இருக்கிற மாதிரித்தான் தெரிய வேண்டும். பீடத்தில் கண்ணாடியும் திரையும் நின்றால் கோயிலில் இருப்பவர்களின் கவனமும் அதில்தான் போகும்.

வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களை வரவேற்க விரும்பினால், தொடக்கத்திலோ முடிவிலோ அரை நிமிடம் லென்ஸைப் பார்த்துப் பேசட்டும். எந்தக் கமராவைப் பார்ப்பது என்று பூசைக்கு முதலே காட்டிவிடுங்கள். இரண்டு கமரா நின்றால் மற்றதன் சிவப்பு லைட்டை ரேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.